பட்டம் வேண்டாம், பங்கைக் கேளுங்கள்: ஆய்வுக்கோவைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆய்வுக்கோவைக் குழுவினருக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் நான் கட்டுரை அனுப்பிய தமிழ் ஆய்வரங்குகளில் அழைப்புக் கடிதத்தின் கடைசிப் பத்தி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கட்டுரையுடன் ஒரு புகைப்படமும் சுமார் நூறு சொற்களில் தன்விவரமும் அனுப்பவும் என்று கேட்டிருப்பார்கள். உங்கள் அழைப்பிலும் அதே வரிதான் இருக்கிறது. தனி ஒருவர் எழுதிய கட்டுரைக்கு அது போதும். ஆனால் இப்போது வரும் கட்டுரைகளில் கூட்டாக எழுதியவை கூடிக்கொண்டே போகின்றன. விரிவுரையாளர் ஒருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர், உதவியாளர் ஒருவர், புள்ளிவிவரம் தெரிந்த நண்பர் ஒருவர் என்று நாலு பேர் சேர்ந்து செய்கிறார்கள். அந்த நாலு பேரும் தனித்தனியாகத் தன்விவரம் அனுப்பினால் யாருக்கு எத்தனை பட்டம், எத்தனை விருது, எந்தச் சங்கத்தில் என்ன பொறுப்பு என்பதெல்லாம் அச்சில் வந்துவிடும். இந்தக் கட்டுரையில் யார் என்ன செய்தார்கள் என்பது மட்டும் வராது.

அந்த இடத்தில் நான்கு தன்விவரங்களுக்குப் பதிலாக, கட்டுரைக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு சிறிய கட்டுரையாளர் குறிப்பைக் கேளுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. அதில் இரண்டு விஷயங்கள் இருந்தால் போதும். ஆய்வு நடந்தபோது ஒவ்வொருவரும் எந்த நிறுவனத்தைச் சார்ந்திருந்தார்கள் என்பது ஒன்று. யார் எந்த வேலையைச் செய்தார்கள் என்பது மற்றொன்று. தொடர்புக்கு ஒருவரின் மின்னஞ்சலைக் கடைசியில் சேர்த்தால் குறிப்பு முடிந்தது.

ஆய்வு நேர்மைக்கான சிங்கப்பூர் அறிக்கை என்று ஒன்று இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2010 ஜூலையில் இங்கே நடந்த இரண்டாவது உலக ஆய்வு நேர்மை மாநாட்டிலிருந்து பிறந்த ஆவணம் அது. அதில் 14 பொறுப்புகள் சொல்லப்பட்டிருக்கின்றன. கட்டுரையாளர் பட்டியலில் தகுதி உள்ள எல்லோரும் இருக்க வேண்டும், தகுதி உள்ளவர்கள் மட்டுமே இருக்க வேண்டும் என்கிறது ஒன்று. அந்தத் தகுதியை எட்டாவிட்டாலும் குறிப்பிடத்தக்க அளவு உதவியவர்களின் பெயரையும் அவர்கள் செய்த வேலையையும் நன்றியில் சொல்ல வேண்டும் என்கிறது அடுத்தது. உலகம் முழுக்க நம் ஊர்ப் பெயரால் அறியப்படும் ஓர் அறிக்கை இப்படிச் சொல்லும்போது, இங்கே அச்சாகும் தமிழ் ஆய்வுக்கோவை அதைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பது நியாயம்தானே.

பொதுவாகச் சொன்னால் எல்லோரும் சரி என்று தலையாட்டிவிடுவோம். அதனால் ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். இது நான் அமைத்துக்கொண்ட உதாரணம்தான், ஆனால் இதில் வரும் வேலைகள் எல்லாம் நம் கட்டுரைகளில் அன்றாடம் நடப்பவை. தொடக்கநிலை இரண்டில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழில் ஆங்கிலம் எவ்வளவு கலக்கிறது என்பது ஆய்வு. க. பல்கலைக்கழக விரிவுரையாளர். ச. தொடக்கப்பள்ளித் தமிழாசிரியர், குடும்பங்களைத் தெரிந்தவர், வீடு வீடாகப் போய்ப் பேச்சைப் பதிவு செய்தவர். த. க.வின் துறையில் ஆய்வு உதவியாளர், பதிவுகளை எல்லாம் கேட்டு எழுத்தில் கொண்டுவந்தவர், ஆய்வு முடிந்ததும் வேலை மாறிக் கோலாலம்பூருக்குப் போய்விட்டவர். ப. ஓய்வு பெற்றவர், எந்த நிறுவனத்திலும் இல்லை, புள்ளிவிவரக் கணக்குப் போட்டவர்.

முதலில் சார்பு நிறுவனம். இதற்குப் பல துறைகளிலும் நிலைத்துவிட்ட விதி ஒன்றுதான்: வேலை நடந்தபோது இருந்த இடத்தை எழுத வேண்டும். த. இப்போது கோலாலம்பூரில் இருந்தாலும் அவர் பெயருக்குக் கீழே க.வின் பல்கலைக்கழகம்தான் வர வேண்டும். ஏனென்றால் ஆய்வுக்கு அறநெறி ஒப்புதல் கொடுத்தது அந்த இடம், ஒலிப்பதிவுக் கருவி கொடுத்தது அந்த இடம், நாளைக்கு ஒரு பெற்றோர் என் பிள்ளையின் குரல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியதும் அந்த இடம். புதிய முகவரியைக் குறிப்பில் 'தற்போது' என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். புதிய அலுவலகத்தின் பெயரை மட்டும் போட்டால் அந்த ஆய்வோடு எந்தத் தொடர்பும் இல்லாத நிறுவனத்தின் தலையில் அந்தப் பொறுப்பு போய் விழும்.

ச.வின் நிலை கொஞ்சம் சிக்கலானது. நம்மிடம் கட்டுரை எழுதும் ஆசிரியர்களில் பலர் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பட்டப்படிப்பும் படிக்கிறார்கள். பள்ளியைப் போடுவதா, படிக்கும் பல்கலைக்கழகத்தைப் போடுவதா என்று கேட்கிறார்கள். படிப்பின் பகுதியாக, மேற்பார்வையாளரின் கீழ் செய்த ஆய்வென்றால் பல்கலைக்கழகம். பள்ளியின் அனுமதியோடு, பள்ளி வேலையின் ஒரு பகுதியாகச் செய்ததென்றால் பள்ளி. இரண்டு இடமும் உண்மையிலேயே ஆய்வைத் தாங்கியிருந்தால் மட்டும் இரண்டையும் போடலாம். அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேடும் இதைத்தான் சொல்கிறது: கணிசமான ஆதரவு தந்த நிறுவனங்களை மட்டும், அதுவும் இரண்டுக்கு மேல் போகாமல். கௌரவ ஆலோசகர், முன்னாள் செயலாளர் போன்றவை இந்தக் கணக்கில் வருவதில்லை. பட்டங்களுக்கும் பதவிப் பெயர்களுக்கும் அங்கே இடம் கிடையாது.

ப.வைப் போன்றவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நம் சமூகத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் அதிகாரிகளும் நல்ல ஆய்வு செய்கிறார்கள். நிறுவனம் இல்லையே என்ற கூச்சத்தில் பழைய பதவியை எழுதுகிறார்கள், அல்லது தாங்கள் உறுப்பினராக இருக்கும் ஏதோ ஒரு மன்றத்தை எழுதுகிறார்கள். ஊரின் பெயரை மட்டும் எழுதினால் போதும். 'ப., சிங்கப்பூர்' என்பது முழுமையான, மரியாதையான சார்புக் குறிப்பு. இதை உங்கள் அழைப்பிலேயே ஒரு வரியாகச் சொன்னால் பலருக்கு நிம்மதியாக இருக்கும்.

நிறுவனப் பெயரை எழுதும் விதத்தையும் நீங்களே ஒருமுறை தீர்மானித்துவிடுவது நல்லது. தேசியக் கல்விக் கழகம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம். ஆனால் ஒருவர் கழகத்தை மட்டும் எழுதுகிறார், இன்னொருவர் பல்கலைக்கழகத்தை மட்டும், மூன்றாமவர் சுருக்கெழுத்தை. ஒரே தாழ்வாரத்தில் வேலை பார்ப்பவர்கள் ஆய்வுக்கோவையில் மூன்று வெவ்வேறு இடத்துக்காரர்களாகத் தெரிகிறார்கள். கழகத்தையும் பல்கலைக்கழகத்தையும் சேர்த்து எழுத வேண்டும் என்று விதித்துவிட்டால் குழப்பம் இல்லை.

சார்பு நிறுவனம் இவ்வளவுதான். என் கவலை அதிகம் இருப்பது பங்களிப்பில், அதிலும் த.வின் பங்களிப்பில்.

தமிழ் ஆய்வுகளில் ஒலிப்பதிவை எழுத்தாக்குபவரைத் தட்டச்சு செய்து கொடுத்தவராகவே பார்க்கிறோம். கட்டுரையின் முடிவில் 'தட்டச்சு உதவிக்கு நன்றி' என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுகிறோம். அந்த வேலை என்னவென்று கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு பிள்ளை இப்படிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "நான் பஸ்ல போய்ட்டு டீச்சர்கிட்ட ஹோம்வொர்க் சப்மிட் பண்ணேன்." மொத்தம் ஏழு சொற்கள். இதில் ஆங்கிலம் எத்தனை? பஸ், டீச்சர், ஹோம்வொர்க், சப்மிட் என்று நான்கையும் எண்ணினால் ஏழில் நான்கு, கிட்டத்தட்ட 57 விழுக்காடு. பஸ்ஸும் டீச்சரும் தாத்தா பாட்டியே புழங்கும் சொற்கள், அவற்றைத் தமிழில் கலந்துவிட்ட கடன்சொற்களாக எடுத்துக்கொண்டால் ஏழில் இரண்டு, கிட்டத்தட்ட 29 விழுக்காடு. ஒரே வாக்கியம், ஒரே பிள்ளை, முடிவு மட்டும் பாதியாகிவிடுகிறது. 'பஸ்ல' என்பதில் தமிழ் வேற்றுமை உருபு ஒட்டியிருக்கிறதே, அதை எப்படிக் கணக்கிடுவது? 'சப்மிட் பண்ணேன்' என்பது ஒரு சொல்லா இரண்டா? வாக்கியத்தின் கடைசியில் ஒரு 'லா' வந்தால் அது எந்த மொழி?

இந்தக் கேள்விகளுக்கு எல்லாம் முதலில் விடை கண்டவர் த.தான். காதில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, ஒரே துண்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒரு விதி எழுதி, அடுத்த பதிவில் அது ஒத்துவராமல் போனதும் மாற்றி எழுதி, பழைய பதிவுகளை எல்லாம் மறுபடி திருத்தியவர் அவர். கட்டுரையின் இரண்டாம் அட்டவணையில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் அந்த விதிகளிலிருந்து வந்தது. இதை முறையியல் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

பங்களிப்பை எழுத ஆயத்தமான சொற்பட்டியல் ஒன்று இருக்கிறது. கிரெடிட் என்று அழைக்கப்படும் அந்த வகைப்பாட்டில் 14 பங்குகள் உண்டு. 2022இல் அது அமெரிக்காவில் முறையான தரநிலையாகவும் ஆனது. கருத்துருவாக்கம், முறையியல், தரவு சேகரிப்பு, தரவுப் பராமரிப்பு, பகுப்பாய்வு, சரிபார்ப்பு, முதல் வரைவு, திருத்தம், மேற்பார்வை, நிதி திரட்டல் என்று போகும் பட்டியல். ஒரே பங்கைப் பலர் செய்திருந்தால் முதன்மை, சமம், துணை என்று அளவும் சொல்லலாம். மொழி ஆய்வுக்கு என்று அது எழுதப்பட்டதில்லை, எழுத்தாக்கத்துக்குத் தனிப் பெயர் அதில் இல்லை. அதனால் அந்தச் சொற்களை அப்படியே ஒட்டவைக்கச் சொல்லாதீர்கள். கட்டுரையாளர் தன் சொற்களில் 'எழுத்தாக்க விதிகளை உருவாக்கியது' என்று எழுத இடம் கொடுங்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: யார் கட்டுரையாளர், யார் இல்லை என்பதை அந்தப் பட்டியல் தீர்மானிக்காது. கட்டுரையாளராகப் பெயர் வந்தவர்கள் செய்ததைத்தான் அது விவரிக்கும்.

யார் கட்டுரையாளர் என்பதற்கு மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு வைத்திருக்கும் நான்கு நிபந்தனைகள் மற்றத் துறைகளிலும் பரவலாக எடுத்தாளப்படுகின்றன. ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு வேண்டும், எழுதியோ திருத்தியோ இருக்க வேண்டும், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும், கட்டுரைக்குப் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்தே வேண்டும். தமிழ் ஆய்வை இது கட்டுப்படுத்தாது, ஆனால் வழிகாட்டியாகக் கொள்ளலாம்.

இதைத் தவறாகப் பயன்படுத்துவதை நான் பார்த்திருக்கிறேன், அதைத்தான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உதவியாளர் கட்டுரை எழுதவில்லை, ஆகவே இரண்டாம் நிபந்தனையில் அவர் விழுந்துவிட்டார், ஆகவே பெயர் கிடையாது என்று வாதிடுகிறார்கள். சரி, அவருக்கு வரைவை யாராவது அனுப்பினார்களா? இல்லை. அதே குழு அதே பக்கத்தில் இதற்கும் பதில் சொல்லியிருக்கிறது: முதல் நிபந்தனையை நிறைவேற்றிய ஒவ்வொருவருக்கும் வரைவில் பங்கெடுக்கவும் ஒப்புதல் தரவும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும். வாய்ப்பே கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, பங்கெடுக்கவில்லை என்று பெயரை எடுப்பது பெரிய அநியாயம். ஒப்பந்தம் முடிந்து ஊர் மாறிப் போன இளைஞர்களுக்குத்தான் இது நடக்கிறது. அவர்களுடைய அடுத்த வேலைக்கும் மேற்படிப்புக்கும் அந்த ஒரு கட்டுரைதான் கையில் இருக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நிதி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட துறைத் தலைவர், பொது மேற்பார்வை செய்தவர், மெய்ப்புப் பார்த்து மொழி திருத்தியவர் ஆகியோர் அந்த வேலைக்காக மட்டும் கட்டுரையாளர் ஆகமாட்டார்கள். அவர்களுக்கு உரிய இடம் நன்றி. அதையும் பெயரோடும் செய்த வேலையோடும், அவர்களிடம் கேட்டுவிட்டு எழுத வேண்டும். கேட்பது எதற்கு என்றால், நன்றியில் பெயர் இருப்பதை அந்தக் கட்டுரையின் முடிவுகளுக்கு அவர் தரும் ஒப்புதலாகப் படிப்பவர்கள் உண்டு.

ஆக, பெயர்களுக்குக் கீழே வரும் சார்பு நிறுவனங்கள் போக, மேலே சொன்ன கட்டுரைக்கு நான் கேட்கும் குறிப்பு இப்படி இருக்கும்:

"க., ச. இருவரும் ஆய்வுக் கேள்வியை உருவாக்கினர். ச. குடும்பங்களை அணுகி ஒப்புதல் பெற்று உரையாடல்களைப் பதிவு செய்தார். த. எழுத்தாக்க விதிகளையும் மொழிக் குறியீட்டு விதிகளையும் உருவாக்கி (முதன்மை; ச. துணை) அனைத்துப் பதிவுகளையும் எழுத்தாக்கினார். ச. பத்தில் ஒரு பங்குப் பதிவுகளைத் தனியாகக் குறியிட்டுச் சரிபார்த்தார். ப. புள்ளியியல் பகுப்பாய்வைச் செய்தார். முதல் வரைவு க.; நால்வரும் திருத்தி இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் அளித்தனர். பதிவுகள் க.வின் துறையில் பாதுகாக்கப்படுகின்றன. த. ஆய்வுக் காலத்தில் க.வின் துறையில் பணியாற்றினார். தற்போது கோலாலம்பூரில் உள்ளார். தொடர்புக்கு: க."

இதற்கு அரைப் பக்கம்கூட வேண்டாம். நான்கு தன்விவரங்களும் நான்கு புகைப்படங்களும் எடுத்துக்கொள்ளும் இடத்தோடு ஒப்பிட்டால் தாள்கூட மிச்சம். படிப்பவருக்குக் கிடைப்பதையும் பாருங்கள். குறியீட்டில் சந்தேகம் வந்தால் த.விடம் கேட்க வேண்டும், கணக்கில் வந்தால் ப.விடம் கேட்க வேண்டும் என்று தெரிகிறது. இரண்டாவது ஆள் சரிபார்த்திருக்கிறார் என்பதும், அவரே பதிவு செய்தவரும்கூட என்பதும் தெரிகிறது. பிள்ளைகளை நேரில் அறிந்தவர் சரிபார்த்தது ஒரு குறைதான். குறிப்பு அந்தக் குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறது, முடிவை எவ்வளவு நம்பலாம் என்பதை வாசகர் தானே தீர்மானித்துக்கொள்வார்.

குறிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க உங்களுக்கு நிபுணர் யாரும் வேண்டாம். ஒரு பென்சில் போதும். கட்டுரையின் ஆய்வுமுறைப் பகுதியை எடுத்து அதில் வரும் செயல்களை அடிக்கோடிடுங்கள். பதிவு செய்யப்பட்டன, எழுத்தாக்கப்பட்டன, குறியிடப்பட்டன, ஒப்பிடப்பட்டன என்று செய்தவரைச் சொல்லாமலே வாக்கியங்கள் போகும். ஒவ்வொரு கோட்டுக்கும் குறிப்பில் ஒரு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை இருந்து பெயர் இல்லையென்றால் யாரோ விடுபட்டிருக்கிறார்கள். பெயர் இருந்து அவருக்கு எந்தக் கோடும் இல்லையென்றால், அல்லது மேற்பார்வை என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால், தொடர்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு விளக்கம் கேளுங்கள். 'அனைவரும் எல்லாவற்றிலும் சமமாகப் பங்களித்தனர்' என்று வந்தால் திருப்பி அனுப்புங்கள். இரண்டு பேர் கட்டுரையில் அது அரிதாக உண்மையாக இருக்கலாம். ஐந்து பேர் கட்டுரையில் அது பேசி முடிவெடுக்கவில்லை என்பதன் அடையாளம்.

பேசி முடிவெடுப்பதுதான் நம்மவர்களுக்குக் கடினம், எனக்குத் தெரியும். பேராசிரியரிடம் போய் 'ஐயா, இதில் உங்கள் பங்கு என்னவென்று எழுதட்டும்' என்று ஒரு மாணவி எப்படிக் கேட்பார்? கேட்கமாட்டார். அதனால்தான் இந்தக் கோரிக்கையை ஆய்வாளர்களிடம் வைக்காமல் உங்களிடம் வைக்கிறேன். படிவத்தில் அந்தக் கட்டம் இருந்தால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, ஆய்வுக்கோவைக் குழு கேட்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். குறிப்பைத் தொடர்பாளர் ஒருவரே நிரப்பட்டும். ஆனால் அதன் நகல் எல்லாக் கட்டுரையாளர்களுக்கும் போய், ஒவ்வொருவரும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அவரவர் மின்னஞ்சலிலிருந்து பதில் போட்ட பிறகே கட்டுரை உங்கள் பரிசீலனைக்கு வர வேண்டும். வேலை மாறிப் போனவரின் பழைய முகவரிக்கு அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லை என்று சொல்வதை ஏற்காதீர்கள்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் அடையாள அட்டைகளில் த/பெ என்ற பொருளில் வரும் எழுத்துகளோடு தந்தையின் பெயர் கடைசியில் நிற்கிறது. மேற்கோள் பட்டியல் போடுபவர்களும் தரவுத்தளங்களும் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வதால், ஆய்வு செய்த மகள் தலைப்பெழுத்தாகச் சுருங்கிப்போக, தந்தையின் பெயரில் கட்டுரை மேற்கோளாகிறது. திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றியவர்களுக்கு இது இன்னும் சிக்கல். எந்தப் பெயரில் மேற்கோள் காட்ட வேண்டும் என்பதைக் கட்டுரையாளரிடமே கேட்டுக் குறிப்பின் முதல் வரியில் போடுங்கள். ஆய்வாளர்களுக்கான ஓர்கிட் அடையாள எண் வைத்திருப்பவர்கள் அதையும் தரட்டும். அந்த 16 இலக்கம் பெயர் எப்படி மாறினாலும் மாறாது, பெறுவதற்குச் செலவும் கிடையாது.

புகைப்படத்தையும் தன்விவரத்தையும் அடியோடு விட மனமில்லையென்றால் அவற்றை மாநாட்டு நிகழ்ச்சி நிரலில் போட்டுக்கொள்ளுங்கள். பேச்சாளரை அறிமுகப்படுத்த அங்கே அவை பயன்படும். ஆய்வுக்கோவையில் மட்டும் கட்டுரைக்கு அடியில் இந்தக் குறிப்பு வரட்டும்.

இந்த ஆண்டுக்கான அழைப்பை நீங்கள் ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள், அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் ஏற்கப்பட்ட கட்டுரைகளின் இறுதி வடிவத்தைக் கேட்டு நீங்கள் எழுதும் கடிதம் இன்னும் போகவில்லை. அந்தக் கடிதத்தோடு இந்தப் படிவத்தை இணைக்க முடியும். மாதிரிப் படிவத்தைத் தமிழில் தயாரித்துத் தர நானும், கூட்டுக்கட்டுரை எழுதும் சில நண்பர்களும் ஆயத்தமாக இருக்கிறோம். உங்கள் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டால் நேரில் வந்து விளக்கவும் செய்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆய்வுக்கோவையில் எழுதிவரும் ஒரு கட்டுரையாளர்
சிங்கப்பூர்